கிரைண்டிங் வீல் சார்ட்டை தமிழ்ல போட்ட கதை: ஒரு ஃபவுண்ட்ரியில நடந்த நிகழ்வு ஆய்வு

கோயம்புத்தூர் கணபதி பக்கம் பம்ப் காஸ்டிங் பண்ற ஒரு யூனிட். பேரு வேண்டாம். அங்க காஸ்டிங்ல ஒட்டியிருக்கற பிசிறை தேய்ச்சு எடுக்கற ஃபெட்லிங் செக்‌ஷன்ல ரெண்டு ஸ்விங் ஃபிரேம் கிரைண்டர், ஒரு பெடஸ்டல் கிரைண்டர், டூல் ரூம்ல ஒரு 8 இன்ச் பெஞ்ச் கிரைண்டர். சுவத்துல ரொம்ப நாளா ஒரு அமெரிக்கன் சார்ட் தொங்கிட்டு இருந்துச்சு, எந்த மெட்டீரியலுக்கு எந்த கல்லு, என்ன கிரிட், கல்லோட பொடியை சேர்த்துப் புடிக்கற பாண்ட் என்ன, எவ்வளவு வேகம் வரைக்கும், எப்படி மாட்டணும்னு எல்லாம் ஒரே தாள்ல. ஆடிட்ல "ஆப்பரேட்டருக்கு புரியற மொழியில போடுங்க"ன்னு எழுதிட்டாங்க, உடனே அதை ஒரு மொழிபெயர்ப்பு ஆபீஸ்ல குடுத்து தமிழாக்கி லேமினேட் பண்ணி மாட்டியும் விட்டாங்க. நான் மெஷின் ஷாப்ல கொஞ்ச வருஷம் இருந்துட்டு இப்ப டெக்னிக்கல் மொழிபெயர்ப்பு பண்றவன். அந்த தமிழ் சார்ட்டை பார்த்து திருத்திக் குடுங்கன்னு கூப்பிட்டாங்க, அப்படித்தான் உள்ள போனேன். எதுக்கு திடீர்னு திருத்தணும்னு கேட்டப்போதான் புல்லி விஷயம் வெளிய வந்துச்சு, இந்த எழுத்துல பாதி அதைப் பத்திதான்.

அதை புரிஞ்சுக்க ஒரே ஒரு கணக்கு போதும். கல்லோட வேகம்னா நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கறது மட்டும் இல்ல, விளிம்பு ஒரு செகண்டுக்கு எத்தனை மீட்டர் ஓடுதுங்கறதுதான் கல்லு தாங்குமா தாங்காதாங்கறதை முடிவு பண்ணும்.

```
v = π × D × n / 60000
v : m/s    D : mm    n : rpm
```

அந்த ஸ்விங் ஃபிரேம்ல 400 மில்லிமீட்டர் ரெசின் கல்லு ஓடுது, லேபிள்ல அதிகபட்சம் செகண்டுக்கு 50 மீட்டர்னு போட்டிருக்கு. மோட்டார் 1440 ஆர்பிஎம், மோட்டார் பக்கம் 8 இன்ச் புல்லி, ஸ்பின்டில் பக்கம் 5 இன்ச். அப்போ ஸ்பின்டில் 2304 ஆர்பிஎம் ஓடும், விளிம்பு வேகம் 48 மீட்டர் வரும், லிமிட்டுக்குள்ளதான் இருக்கு. கல்லு தேய்ஞ்சு 300 ஆயிடுச்சுன்னா அதே ஆர்பிஎம்ல விளிம்பு 36 மீட்டர்தான் ஓடும், கல்லு சோம்பலா வெட்டும், ஆப்பரேட்டர் அமுக்கி அமுக்கி கை வலிச்சுப் போவார், கல்லும் வேற சீக்கிரம் உதிர ஆரம்பிக்கும், ஏன்னா வேகம் குறைஞ்சா கல்லு மென்மையான கிரேடு மாதிரி நடந்துக்கும். அதனால ஸ்பின்டில் புல்லியை 4 இன்ச்சா மாத்துவாங்க, 2880 ஆர்பிஎம் வரும், 300 கல்லுக்கு விளிம்பு வேகம் திரும்ப 45 மீட்டர். இதுவரைக்கும் தப்பே இல்ல, பெரிய ஃபவுண்ட்ரிகள்ல தெரிஞ்சே செய்யற வேலைதான். வினை அடுத்த ஸ்டெப்ல இருக்கு. தேய்ஞ்ச கல்லை கழட்டிட்டு புது 400 கல்லை ஏத்தும்போது புல்லியை பழையபடி 5 இன்ச்சுக்கு மாத்தலைன்னா, அதே 2880-ல விளிம்பு 60 மீட்டர் ஓடும். லிமிட் 50. கல்லை பிச்சு எறியப் பார்க்கற விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதனால 20 சதவீதம் அதிக வேகம்னா 20 சதவீதம் அதிக விசை இல்ல, கிட்டத்தட்ட 45 சதவீதம் அதிகம். கல்லு வெடிக்கறதுன்னா இப்படித்தான் வெடிக்கும், அதுவும் ஸ்டார்ட் பண்ணி முழு வேகம் புடிக்கற முதல் நிமிஷத்துல.

இங்கிலீஷ் சார்ட்ல இது ஒரே வாக்கியமா இருந்துச்சு: கல்லு தேய்ஞ்சா ஸ்பின்டில் வேகத்தை கூட்டிக்கலாம், ஆனா புது கல்லு மாட்டறதுக்கு முன்னாடி கண்டிப்பா குறைச்சாகணும். முதல் பாதி அனுமதி, ரெண்டாவது பாதி கட்டளை. ஆபீஸ்ல இருந்து வந்த தமிழ்ல "சக்கரம் தேயும்போது சுழல்தண்டின் வேகத்தை அதிகரிக்கவும்"னு முதல் பாதி கட்டளையா மாறிடுச்சு. ரெண்டாவது பாதி அடுத்த வரியில "புதிய சக்கரம் பொருத்துகையில் வேகம் குறைக்கப்படுதல் வேண்டும்"னு, யார் குறைக்கணும், எதை மாத்தி குறைக்கணும், எப்போன்னு ஒண்ணும் சொல்லாம கெடந்துச்சு. ஃபிட்டர் முதல் வரியை படிச்சார், சரின்னு 4 இன்ச் புல்லி மாட்டினார். அதுக்கு முன்னாடி அந்த ஷாப்ல யாரும் புல்லி மாத்துனதே இல்ல! சார்ட் வந்ததுக்கு அப்புறம்தான் மாத்த ஆரம்பிச்சிருக்காங்க. புது கல்லு வந்து மெஷின் பக்கத்துல சாஞ்சு நின்னுட்டு இருந்தப்போ பெல்ட் தளர்ந்திருக்கான்னு பார்க்க வந்த மெயின்டனன்ஸ் ஆளு புல்லி சின்னதா இருக்கேன்னு கேட்டார், அதோட நின்னுச்சு. அடி, ரத்தம் ஒண்ணும் இல்ல. கல்லு மாட்டப்படவே இல்ல.

இதுல இன்னொரு விஷயம். 1948-ம் வருஷத்து ஃபேக்டரீஸ் ஆக்ட்ல 30-வது பிரிவு கிரைண்டிங் நடக்கற ஒவ்வொரு மெஷின் பக்கத்துலயும் ஒரு நோட்டீஸ் கேட்டுச்சு, அதுல கல்லோட அதிகபட்ச பாதுகாப்பான விளிம்பு வேகம், ஸ்பின்டில் வேகம், அந்த வேகம் வர்றதுக்கு எத்தனை விட்டம் புல்லி வேணும்னு மூணும் இருக்கணும்னு. புல்லி விட்டத்தை எதுக்கு சட்டத்துல எழுதி வெச்சாங்கன்னு நிறைய பேருக்கு தோணும், பதில் மேல சொன்ன கணக்குதான். இந்த யூனிட்ல அந்த நோட்டீஸ் போர்டு இருந்துச்சு, பெயிண்ட் அடிச்சப்போ அதுக்கும் சேர்த்து அடிச்சிட்டாங்க.

சரி, சார்ட்டுக்கு வருவோம். வேக டேபிளை பார்த்தப்போ புல்லி வரியை விட எனக்கு அதிகமா திக்குன்னு ஆனது பக்கத்து பக்கத்து ரெண்டு காலம். ஒரிஜினல்ல ஒண்ணு விளிம்பு வேகம், நிமிஷத்துக்கு எத்தனை அடின்னு. இன்னொண்ணு அந்த விட்டத்துக்கு அதிகபட்ச ஆர்பிஎம். சூளையில சுட்ட பாண்ட் இருக்கற விட்ரிஃபைடு கல்லுக்கு விளிம்பு 6500 அடி, அதாவது செகண்டுக்கு 33 மீட்டர், அதுக்கு 8 இன்ச் கல்லுன்னா 3104 ஆர்பிஎம், 10 இன்ச்சுன்னா 2483. தமிழ்ல ரெண்டு காலத்துக்கும் தலைப்பு "வேகம்". ஒரு வரியில வேகம் 6500, வேகம் 3104. டூல் ரூம் பையன்கிட்ட இந்த 8 இன்ச் கல்லை எவ்வளவுல ஓட்டலாம்னு கேட்டேன், 6500 வரைக்கும் ஓட்டலாம்ங்கன்னு சொன்னான். அவன் மேல தப்பு சொல்ல முடியாது, பெரிய நம்பர் முதல்ல இருக்கு, அதான் லிமிட்னு எடுத்துக்கிட்டான். 8 இன்ச் கல்லு 6500 ஆர்பிஎம்ல ஓடுனா விளிம்பு 69 மீட்டர் வரும், 33-க்கு செஞ்ச கல்லு அது. அந்த பெஞ்ச் கிரைண்டர் மோட்டார் 2880-தான், அதனால அங்க நடக்காது, ஆனா ஏர் கிரைண்டரும் கையில புடிக்கற மெஷினும் அதே ஷாப்ல இருக்கு, ஒரு சார்ட்டை படிச்சு பழகினவன் அதே பழக்கத்தோடதான் அங்கயும் போவான்.

அதனால விளிம்பு வேக காலத்தை ஷாப் சார்ட்ல இருந்து தூக்கிட்டேன், அது ஸ்டோர்ஸ் சார்ட்டுக்கு போயிடுச்சு, கல்லு ஆர்டர் போடறவருக்குத்தான் அது வேணும். மெஷின் பக்கத்துல இருக்கறதுல "இதுக்கு மேல ஓட்டக்கூடாது"ன்னு ஒரே காலம், ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்துல "ஆர்பிஎம்"னு திரும்பத் திரும்ப எழுதுனோம், தலைப்புல மட்டும் போட்டு விடல. "இயக்க வேகம்"னு ஒரு சொல் ஆபீஸ் தமிழ்ல வந்திருந்துச்சு, அதை படிச்சா இந்த வேகத்துல ஓட்டுன்னுதான் தோணும், லிமிட்னு தோணாது, அதையும் எடுத்தாச்சு. டேபிளை படிக்கற முறையையும் ஷாப்ல இருக்கற மெஷினை வெச்சே எழுதுனோம்: மெஷின் பிளேட்ல இருக்கற ஆர்பிஎம்மை பாருங்க, கல்லு லேபிள்ல இருக்கற ஆர்பிஎம்மை பாருங்க, லேபிள் நம்பர் பெருசா இருந்தாத்தான் மாட்டலாம். 10 இன்ச் விட்ரிஃபைடு கல்லு லிமிட் 2483, டூல் ரூம் பெஞ்ச் மெஷின் 2880, அப்போ கார்டை கழட்டிட்டு பெரிய கல்லு மாட்டற பேச்சுக்கே இடமில்லன்னு அதே பார்வையில தெரிஞ்சிடும். கார்டு கழட்டாதீங்கன்னு நூறு தடவை சொல்றதை விட இது வேலைக்கு ஆகுதுன்னு நினைக்கறேன். சார்ட் நம்பரும் லேபிள் நம்பரும் வேற வேறயா இருந்தா லேபிள்தான், இதை கொட்டை எழுத்துல போட்டோம்.

அடுத்தது கல்லு தேர்ந்தெடுக்கற பகுதி. கல்லு மேல இப்படி அடிச்சிருக்கும்:

```
A 60 K 5 V
```

முதல் எழுத்து அலுமினியம் ஆக்சைடு, ஸ்டீலுக்கு. அந்த இடத்துல சி இருந்தா சிலிக்கான் கார்பைடு, காஸ்ட் அயர்ன், பித்தளை, அலுமினியம் மாதிரி சரக்குக்கு, ஜிசின்னா பச்சைக் கல்லு, கார்பைடு டிப் டூலுக்கு. 60 கிரிட், நம்பர் ஏற ஏற பொடி. கே கிரேடு, 5 உள்ள இருக்கற இடைவெளி, வி விட்ரிஃபைடு. கிரிட்ல யாருக்கும் குழப்பம் இல்ல, 24 ரஃப், 60 டூல் தீட்ட, 100-க்கு மேல ஃபினிஷ்னு எல்லாரும் சொல்றாங்க. எல்லாரும் தடுக்கி விழுந்த இடம் கிரேடு.

ஆபீஸ் தமிழ்ல "கடினமான பொருளுக்கு மென்மையான சக்கரம், மென்மையான பொருளுக்கு கடினமான சக்கரம்"னு இருந்துச்சு. வார்த்தைக்கு வார்த்தை சரிதான். ஆனா ஃபெட்லிங்ல 20 வருஷமா இருக்கற ஒரு அண்ணன் அதை படிச்சிட்டு "மாத்தி அச்சடிச்சிட்டாங்க தம்பி, எச்எஸ்எஸ் டூலுக்கு கெட்டிக் கல்லுதானுங்க வேணும்"னு சொல்லிட்டார், சொன்னதோட நிக்காம பேனாவுல திருத்தியும் வெச்சிருந்தார். டூல் ரூம்ல டூல் பிட் நீலமா எரிஞ்சு போறதுக்கும் கல்லு பளபளன்னு கிளேஸ் ஆகறதுக்கும் அந்த பேனா திருத்தம் ஒரு காரணம், K கல்லு இருக்கற இடத்துல P எழுதின கல்லை எடுத்து மாட்டியிருந்தாங்க, இங்கிலீஷ் எழுத்து வரிசையில Z பக்கம் போகப் போக கெட்டி. காரணம் தெரியாம அந்த வரியை எந்த தமிழ்ல எழுதினாலும் அடுத்த ஆளு திருத்தத்தான் போறார். காரணம் இதுதான்: கிரேடுங்கறது கல்லுல இருக்கற பொடி எவ்வளவு கெட்டியோ அதை சொல்றது இல்ல, அந்த பொடியை பாண்ட் எவ்வளவு இறுக்கி புடிச்சிருக்குன்னு சொல்றது. கெட்டி ஸ்டீல் பொடியோட முனையை சீக்கிரம் மழுக்கிடும், மழுங்குன பொடியை பாண்ட் விட்டாத்தான் பின்னாடி இருக்கற புது முனை வெளிய வரும். விடாம புடிச்சிட்டே இருந்தா மழுங்கல் தேய்க்கும், சூடு ஏறும், டூல் எரியும். மைல்டு ஸ்டீல் மாதிரி இளகுன சரக்குல பொடி அவ்வளவு சீக்கிரம் மழுங்காது, அங்க இளகுன கல்லு போட்டா நல்ல பொடியே வீணா உதிரும்.

அதனால சார்ட்ல கெட்டி, மென்மைங்கற சொல்லையே கல்லுக்கு பயன்படுத்தல. "பொடியை சீக்கிரம் விடற கல்லு", "பொடியை இறுக்கிப் புடிக்கற கல்லு"ன்னு எழுதி பக்கத்துல எழுத்து ரேஞ்சு போட்டோம். கீழ ரெண்டே ரெண்டு அறிகுறி: கல்லு முகம் பளபளன்னு ஆகி டூல் நீலமானா ரெண்டு எழுத்து A பக்கமா போங்க, கல்லு சீக்கிரம் கரைஞ்சு மூலை உருண்டு போனா ரெண்டு எழுத்து Z பக்கமா போங்க. அந்த அண்ணனே படிச்சிட்டு பேனா திருத்தத்தை அடிச்சிட்டார். கல்லு முகத்துல சரக்கு அப்பிக்கிட்டு அடைச்சுப் போறது வேற நோய், அதுக்கு கிரேடு மாத்தி பிரயோஜனம் இல்ல, அலுமினியத்தை ஸ்டீல் கல்லுல தேய்ச்சா அப்படி ஆகும், அதையும் ஒரு வரியில சேர்த்தோம், ஏன்னா ஃபவுண்ட்ரியில அலுமினியம் இம்பெல்லரை பெடஸ்டல்ல தேய்க்கற பழக்கம் இருக்கு.

மாட்டற முறை. இதுல முதல்ல தட்டிப் பார்க்கறது. சந்தையில மண்பானை வாங்கறப்போ விரலால தட்டிப் பார்க்கறோம் இல்லையா, அதே வேலை. காஞ்ச, சுத்தமான கல்லை துளையில விரலோ குச்சியோ விட்டு தொங்க விட்டு, ஸ்க்ரூ டிரைவரோட மரக் கைப்பிடியால, நட்டுக்குத்தா இருக்கற நடுக்கோட்டுல இருந்து ரெண்டு பக்கமும் 45 டிகிரி தள்ளி, விளிம்புல இருந்து 25 முதல் 50 மில்லிமீட்டர் உள்ள லேசா தட்டணும், அப்புறம் 45 டிகிரி திருப்பி இன்னொரு தடவை. ணங்னு தெளிவா வந்தா சரி. டொப்புன்னு செத்த சத்தம் வந்தா விரிசல், தனியா எடுத்து வெச்சிடணும், ஸ்டோர்ஸ்ல திரும்ப அடுக்கக் கூடாது. பெரிய கல்லை தூக்க முடியாது, சுத்தமான தரையில நிக்க வெச்சே தட்டலாம்.

புது சார்ட்டை மாட்டறதுக்கு முன்னாடி புரிஞ்சுதான்னு யாரையும் கேட்கல. கேட்டா எல்லாரும் புரிஞ்சதுன்னுதான் சொல்வாங்க. மெயின் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணி பூட்டு போட்டுட்டு, ஒரு பழைய கல்லை குடுத்து, சார்ட்டை பார்த்து நீங்களே மாட்டுங்கன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு பக்கத்துல நின்னோம். சேர்ந்து கொஞ்ச நாளே ஆன ஒரு பையன் ரெசின் கல்லை தட்டிப் பார்த்துட்டு இது கெட்டுப் போச்சுங்கன்னு ஓரமா வெச்சுட்டான். நல்ல கல்லு அது. ரெசின் பாண்ட் சூளையில சுட்ட பாண்ட் மாதிரி ணங்னு அடிக்காது, சத்தம் மந்தமாத்தான் வரும், அதனால இந்த தட்டற சோதனையோட தெளிவான சத்தத்தை விட்ரிஃபைடு கல்லுகிட்டதான் எதிர்பார்க்கணும். என் சார்ட் வரைவுல "தட்டிப் பாருங்க"ன்னு பொதுவா இருந்ததை அங்கயே ரெண்டா பிரிச்சோம். விட்ரிஃபைடு கல்லுக்கு சத்தம். ரெசின் கல்லுக்கு கண்ணால பார்க்கறது, விளிம்பு உடைஞ்சிருக்கா, தண்ணி பட்டிருக்கா, எக்ஸ்பைரி தாண்டிடுச்சான்னு. கையில புடிக்கற மெஷினுக்கு வர்ற ரெசின் டிஸ்க்ல உள் வளையத்துல தேதி அடிச்சிருக்கும், செஞ்ச நாள்ல இருந்து 3 வருஷம், நம்ம ஆளுங்க நிறைய பேர் அதை பார்ட் நம்பர்னு நினைச்சிட்டு இருந்தாங்க.

அதே ஒத்திகையில இன்னொண்ணு. கல்லோட ரெண்டு பக்கமும் ஒரு வட்ட பேப்பர் ஒட்டியிருக்கும், பிளாட்டர். ஆபீஸ் தமிழ்ல "ஒற்றுத்தாள் பயன்படுத்தவும்"னு இருந்துச்சு, ஆனா ஆட்கள் செஞ்சது என்னன்னா லேபிளை பேக்கிங் பேப்பர்னு நினைச்சு பிச்சு போட்டுட்டு கல்லை நேரா ஃபிளாஞ்சுல வெச்சு இறுக்குனது. கல்லு முகம் கரடு, ஃபிளாஞ்சு இரும்பு, நடுவுல பேப்பர் இல்லாம இறுக்குனா மேடான நாலு புள்ளியில மட்டும் அழுத்தம் போய் அங்கிருந்து விரிசல் கிளம்பும். சார்ட்ல இப்போ "கல்லு மேல ஒட்டியிருக்கற வட்ட பேப்பரை பிச்சு எடுக்காதீங்க, கிழிஞ்சிருந்தா புதுசு போடுங்க"ன்னு இருக்கு. அதுக்கு கீழ ஃபிளாஞ்சு ரெண்டும் ஒரே சைஸ், கல்லு விட்டத்துல குறைஞ்சது மூணுல ஒரு பங்கு. துளை ஸ்பின்டில்ல டைட்டா இருந்தா சுத்தியலால தட்டி ஏத்தாதீங்க, ராவி பெருசாக்காதீங்க. ஸ்பேனர்ல பைப் சொருகி இறுக்காதீங்க. பெஞ்ச் கிரைண்டர்ல இடது பக்க நட் இடது மரை, திறக்கறது தலைகீழ், இது தெரியாம எத்தனை நட் நாசமாச்சோ.

மாட்டுன பிறகு கையால ஒரு சுத்து சுத்தி எங்கயும் தட்டலைன்னு பார்த்து, தேய்க்கற பொருளை தாங்கற ரெஸ்ட்டை கல்லுல இருந்து 3 மில்லிமீட்டர் தாண்டாம வெச்சு, மேல இருக்கற நாக்கு கார்டை 6 தாண்டாம வெச்சு, கார்டு மூடி, பக்கவாட்டுல ஒதுங்கி நின்னு ஒரு நிமிஷமாவது சும்மா ஓட விடணும். ரெஸ்ட்டை ஓடற கல்லுல அட்ஜஸ்ட் பண்ற ஆளுங்க இருக்காங்க, அதுக்கும் ஒரு வரி. நேர் கல்லோட பக்கவாட்டுல தேய்க்காதீங்கன்னு ஒரு வரி. சார்ட் முழுக்க "மாட்டாதே, தட்டாதே"ன்னு எழுதலாம்னுதான் இருந்தேன், சின்னதா முடியும்னு. ஃபோர்மேன் ஒத்துக்கல, "எங்க ஆளுங்களை சுவரு கூட அதட்டக் கூடாதுங்க"ன்னார், அதான் எல்லா இடத்துலயும் "தீங்க".

ஸ்விங் ஃபிரேம் புல்லி வரி கடைசில இப்படி முடிஞ்சது: "புது கல்லு மாட்டறதுக்கு முன்னாடி ஸ்பின்டில்ல 5 இன்ச் புல்லி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா கல்லை மாட்டாதீங்க." வேகத்தை கூட்டிக்கலாம்ங்கற பாதியை ஷாப் சார்ட்ல இருந்து எடுத்தே விட்டோம். மொழிபெயர்ப்பாளன் ஒரிஜினல்ல இருக்கறதை வெட்டலாமான்னு கேட்டா, நானா வெட்டல, மெயின்டனன்ஸ் ஹெட் எழுதிக் குடுத்து கையெழுத்து போட்டதுக்கு அப்புறம்தான் எடுத்தேன். 4 இன்ச் புல்லி இப்போ மெயின்டனன்ஸ் அலமாரியில பூட்டி இருக்கு, 300 கல்லை கொஞ்சம் மெதுவாவே ஓட்டிக்கறாங்க, கல்லு கொஞ்சம் அதிகமா செலவாகுது, பரவாயில்லைன்னுட்டாங்க. மெஷின் பக்கத்து நோட்டீஸ் போர்டுல 400 கல்லு, 50 மீட்டர், 2304 ஆர்பிஎம், 5 இன்ச் புல்லின்னு திரும்ப எழுதியாச்சு.

சார்ட்ல டைமண்ட் வீல், கப் வீல் ரெண்டுக்கும் வரி இல்ல, அந்த யூனிட்ல அது கிடையாது. ஃபெட்லிங்ல பாதி பேர் இந்தி பேசறவங்க, அவங்களுக்கு இந்த தமிழ் சார்ட்டால ஒரு பிரயோஜனமும் இல்ல, படமும் நம்பரும் மட்டும்தான் கை குடுக்கும், இந்தி சார்ட் தனியா தயாராகுது. அதையும் அதே மாதிரி கல்லை கையில குடுத்து மாட்டச் சொல்லிப் பார்த்துட்டு அப்புறம் தொங்க விடறதாத்தான் பேச்சு.